பஃபரில் ஏழுக்கு ஏழு காட்டினால் எலக்ட்ரோடு நல்லதா?

ஆத்தூர் பக்கத்தில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை ஒன்றின் லேபில் புதிதாகச் சேர்ந்த பையன் கேட்ட கேள்வி இது. "அண்ணா, நாலு பஃபர்ல நாலுன்னு காட்டுது, ஏழுல ஏழுன்னு காட்டுது. அப்புறம் ஏன் எலக்ட்ரோடு போச்சுன்னு சொல்றீங்க?" நியாயமான கேள்வி. பஃபர் என்பது பிஎச் எவ்வளவு என்று முன்பே தெரிந்த கரைசல், எலக்ட்ரோடு என்பது பிஎச் மீட்டரில் நீருக்குள் முக்கும் பகுதி. அவனிடம் இருந்த எலக்ட்ரோடை வைத்தே பதிலைச் சொல்கிறேன். பிஎச் மீட்டரை இப்போதுதான் கையில் எடுக்கிறவர்கள், நான் சொல்லும் வரிசையிலேயே ஒருமுறை செய்து பாருங்கள்.

முதலில் ஒன்று புரிய வேண்டும். மீட்டருக்குப் பிஎச் தெரியாது, மில்லிவோல்ட் மட்டும்தான் தெரியும். எலக்ட்ரோடின் நுனியில் இருக்கும் கண்ணாடிக் குமிழ், நீரின் அமிலத்தன்மைக்கு ஏற்ப ஒரு சின்ன மின்னழுத்தத்தைத் தருகிறது. பிஎச் 7-ல் அது சுமார் பூஜ்யம். பிஎச் ஒன்று இறங்கினால் மில்லிவோல்ட் கூடும், ஒன்று ஏறினால் குறையும். எவ்வளவு என்பதுதான் ஸ்லோப். 25 டிகிரி செல்சியஸில் ஒரு பிஎச்சுக்கு 59.16 மில்லிவோல்ட் வர வேண்டும் என்பது நெர்ன்ஸ்ட் சமன்பாட்டின் கணக்கு. எந்தக் கம்பெனி எலக்ட்ரோடானாலும் இதற்கு மேல் தர முடியாது. இந்தக் கணக்கில் எத்தனை சதவீதம் உங்கள் எலக்ட்ரோடு தருகிறது என்பதையே மீட்டர் 98% என்றோ 91% என்றோ காட்டுகிறது.

கேலிப்ரேஷன் என்றால் மீட்டரிடம் "இந்த மில்லிவோல்ட் வந்தால் அது ஏழு, இந்த மில்லிவோல்ட் வந்தால் அது நாலு" என்று சொல்லிக்கொடுப்பது. சொல்லிக்கொடுத்ததை அது அப்படியே திருப்பிச் சொல்லும். எலக்ட்ரோடு பாதி உயிரில் இருந்தாலும் சொல்லும். ஆகவே கேலிப்ரேஷன் முடிந்த கையோடு அதே இரண்டு பஃபரில் சரியாகக் காட்டுவது எதற்கும் அத்தாட்சி இல்லை. அத்தாட்சி வேண்டுமென்றால் சொல்லிக்கொடுக்காத மூன்றாவது பஃபரில் வைத்துப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் மில்லிவோல்ட்டைப் பார்க்க வேண்டும்.

பஃபரை எடுத்து வைப்பது

4.01, 7.00, 10.01 என்று பாட்டிலில் வரும் திரவம் வாங்கினால் வேலை எளிது. செலவைப் பார்க்கிறவர்கள் 4, 7, 9.2 மாத்திரையோ கேப்ஸ்யூலோ வாங்குவார்கள். பெரும்பாலும் ஒரு மாத்திரைக்கு 100 மில்லி காய்ச்சி வடித்த நீர் என்று இருக்கும். அட்டையில் உள்ள அளவைப் பாருங்கள். குத்துமதிப்பாகக் கேனிலிருந்து ஊற்றாமல் வாலுமெட்ரிக் பிளாஸ்கில் கரையுங்கள். மினரல் வாட்டர் வேண்டாம்.

25 முதல் 30 மில்லி பஃபரைச் சின்ன பீக்கரில் ஊற்றிக்கொண்டு, வேலை முடிந்ததும் கொட்டிவிடுங்கள். பாட்டிலுக்குள் எலக்ட்ரோடை விடுவதும், பீக்கரில் மிஞ்சியதைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றுவதும் நம் லேபுகளில் சகஜம். எலக்ட்ரோடு கெட்டுவிட்டது என்று எனக்கு வரும் போன்களில் பல இந்தப் பாட்டிலில்தான் போய் முடிகின்றன. 10 பஃபர் இதில் ரொம்ப மோசம். காற்றில் உள்ள கார்பன் டை ஆக்ஸைடை உறிஞ்சி, மூடியைத் திறந்து திறந்து வைத்தால் தானாகவே இறங்கிவிடும். அதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயுள் கொடுக்காதீர்கள். 4-ம் 7-ம் இரண்டு மூன்று மாதம் தாங்கும். பாட்டிலில் திறந்த தேதியை எழுதி ஒட்டிவிடுங்கள்.

எந்த இரண்டு பஃபர் என்று கேட்டால், நீங்கள் அளக்கப்போகும் நீர் அவற்றுக்கு நடுவில் வர வேண்டும். மரவள்ளிக்கிழங்கு அரைத்த நீர் தொட்டியில் நின்றால் புளித்து அமிலமாகிவிடும், அதற்கு 7-ம் 4-ம். சுண்ணாம்பு போட்ட பிறகு பார்ப்பதானால் 7-ம் 10-ம். சாண எரிவாயு போலக் கழிவுநீரிலிருந்து வாயு எடுக்கும் கலனின் நீர் ஏழை ஒட்டி மேலும் கீழும் ஆடும், அங்கே மூன்றும் வேண்டும்.

செய்முறை

எலக்ட்ரோடின் பக்கவாட்டில் திரவம் நிரப்பும் துளை இருந்தால் அதன் ரப்பர் மூடியைத் திறங்கள். உள்ளே இருக்கும் பொட்டாசியம் குளோரைடு கரைசல், நீங்கள் முக்கப்போகும் நீர்மட்டத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் நிரப்புங்கள். குமிழுக்குள் காற்றுக்குமிழி நின்றால் பழைய காய்ச்சல் மானியை உதறுவதுபோல் கீழ்நோக்கி உதறுங்கள். வெளியே வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பு, கழுவினால் போய்விடும்.

காய்ச்சி வடித்த நீரால் கழுவி, மெல்லிய டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது. தேய்த்தால் கண்ணாடியில் நிலைமின்னேற்றம் உண்டாகி, சில நிமிடத்துக்கு அளவீடு அலையும்.

முதலில் 7. குமிழும், அதற்குச் சற்று மேலே பக்கத்தில் புள்ளியாகத் தெரியும் செராமிக் துவாரமும் இரண்டுமே மூழ்க வேண்டும். வெப்பநிலைக் கம்பி தனியாக இருந்தால் அதையும் அதே பீக்கரில் விடுங்கள். மெதுவாக ஒரு சுழற்று சுழற்றிவிட்டு நிறுத்தி, எண் நிற்கும் வரை காத்திருங்கள். இங்கேதான் புதியவர்கள் அவசரப்படுகிறார்கள். CAL அழுத்துவதற்கு முன் mV பொத்தானுக்கு மாறி, வந்த மில்லிவோல்ட்டையும் வெப்பநிலையையும் நோட்டில் எழுதுங்கள். எண் நிற்க எத்தனை நொடி ஆனது என்பதையும் எழுதுங்கள். அதன் பிறகு ஏழை உறுதிசெய்யுங்கள். கழுவி, ஒற்றி, 4-ல் அதே வேலை. கழுவி, ஒற்றி, 10.

கல்லூரி லேபுகளில் இன்னும் திருகு வைத்த பழைய மேசை மீட்டர்கள் ஓடுகின்றன. அதில் வெப்பநிலைத் திருகை முதலில் பஃபரின் வெப்பநிலைக்கு வையுங்கள், 7-ஐ CALIBRATE திருகால் கொண்டுவாருங்கள், 4-ஐ SLOPE திருகால். மறுபடி 7-க்குப் போய்ச் சரிபாருங்கள், நகர்ந்திருந்தால் திரும்பவும் இரண்டையும் செய்யுங்கள். இந்த மீட்டர்கள் சதவீதம் காட்டாது. SLOPE திருகைக் கடைசிவரை திருப்பியும் 4 வரவில்லை என்றால், அதுவே பதில்.

வெப்பநிலை பற்றி ஒன்று. பாட்டிலில் 7.00 என்று போட்டிருப்பது 25 டிகிரிக்கு. சேலத்தில் ஏசி இல்லாத அறையில் 25 டிகிரி எப்போது வரப்போகிறது? 30 டிகிரியில் அந்த மூன்று பஃபர்களும் 6.99, 4.02, 9.97 என்று இருக்கும். பாட்டிலின் பின்பக்க அட்டவணையிலேயே இது இருக்கும். தானாகப் பஃபரை அடையாளம் காணும் மீட்டர்கள் இதை அவையே பார்த்துக்கொள்ளும். வெப்பநிலைக்கு ஏற்ப ஸ்லோப்பும் மாறும். ஏப்ரல் மதியம் சேலத்தில் 35 டிகிரியில் ஒரு பிஎச்சுக்கு 61.1 மில்லிவோல்ட், அதே எலக்ட்ரோடை மார்கழியில் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்கு மண் பார்க்க எடுத்துப்போனால் 15 டிகிரியில் 57.2 மில்லிவோல்ட். எலக்ட்ரோடு கெடவில்லை, மலை குளிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் நோட்டில் வெறும் மில்லிவோல்ட்டை வைத்து ஒப்பிடாமல் சதவீதத்தை ஒப்பிட வேண்டும். இன்னொன்று, ATC என்று மீட்டரில் போட்டிருக்கும் தானியங்கி வெப்பநிலைத் திருத்தம் எலக்ட்ரோடின் இந்த ஏற்ற இறக்கத்தை மட்டும்தான் சரிசெய்யும். சூடான கழிவுநீரின் பிஎச் ஆறினால் மாறுவதை அது சரிசெய்யாது.

அந்தப் பையனின் நோட்டு

மீட்டர் சதவீதம் காட்டினாலும் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். T என்பது செல்சியஸ். pH4, pH7 என்ற இடத்தில் அந்த வெப்பநிலையில் பஃபரின் உண்மையான மதிப்பு.

```
slope % = (mV4 - mV7) / (pH7 - pH4) / (54.20 + 0.1984*T) * 100
```

அன்று அறை 30 டிகிரி. ஆகவே முழு ஸ்லோப் 60.15 மில்லிவோல்ட். அலமாரியில் பிரிக்காமல் இருந்த புது எலக்ட்ரோடை முதலில் போட்டோம். 7 பஃபரில் +4, 4 பஃபரில் +180, 10 பஃபரில் −172. நாலுக்கும் ஏழுக்கும் இடையில் 176 மில்லிவோல்ட், அதை 2.97-ஆல் வகுத்தால் 59.3. அதாவது 98.5 சதவீதம். ஏழுக்கும் பத்துக்கும் இடையில் 98.2. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறது, நல்ல எலக்ட்ரோடு.

அடுத்து அவன் தினமும் பயன்படுத்தும் எலக்ட்ரோடு. 7 பஃபரில் +22, 4 பஃபரில் +179, 10 பஃபரில் −128.

நாலு பஃபரைக் கவனியுங்கள். புதியது 180, பழையது 179. அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே தரம் என்றுதான் தோன்றும். ஆனால் பழையதில் ஏழே 22-ல் நிற்கிறது. ஆக, நாலுக்கும் ஏழுக்கும் இடையில் 157 மில்லிவோல்ட்தான் கிடைக்கிறது. 2.97-ஆல் வகுத்தால் 52.9, சதவீதத்தில் 87.9. பத்துப் பக்கம் இன்னும் மோசம், 150 மில்லிவோல்ட், 83.7 சதவீதம்.

இப்போது அவன் கேள்விக்கு வருவோம். அந்த மீட்டரை 7-லும் 4-லும் மட்டும் கேலிப்ரேட் செய்தோம். இரண்டையும் அச்சடித்ததுபோல் காட்டியது. அப்படியே 10 பஃபரில் விட்டோம். 9.97 வர வேண்டிய இடத்தில் 9.83 வந்தது. 0.14 பிழை. அந்த 10 பஃபர் பாட்டில் அன்று காலையில்தான் திறந்தது, புது எலக்ட்ரோடு அதில் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டது, அதனால் பழியைப் பஃபர் மேல் போட முடியாது. நாலு பக்கம் 88, பத்துப் பக்கம் 84 என்று சரிவு இரண்டு விதமாக இருக்கும்போது, ஒரு பக்கத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்தது மறுபக்கத்தில் பலிக்காது.

இதற்காகப் பதறவும் வேண்டாம். வெளியேற்றும் கழிவுநீரின் பிஎச் 5.5 முதல் 9 வரை இருக்கலாம் என்பது பொது விதி. அந்த அகலத்தில் 0.1 பிழை பெரிய விஷயம் இல்லை. கேலிப்ரேட் செய்த உடனேயே 4-க்கும் 7-க்கும் நடுவில் அளந்தால் 88 சதவீத எலக்ட்ரோடும் ஓரளவு சரியாகவே சொல்லும். சிக்கல் என்னவென்றால், இந்த நிலைக்கு வந்த எலக்ட்ரோடு ஓரிடத்தில் நிற்பதில்லை. காலையில் கேலிப்ரேட் செய்தால் மாலைக்குள் நகர்ந்துவிடும். வாயுக் கலனில் 6.9-லிருந்து 6.6-க்கு நீர் இறங்கியது நிஜமா, எலக்ட்ரோடு நகர்ந்ததா என்று தெரியாமல் சுண்ணாம்பைக் கொட்டுவார்கள்.

எந்த எண் எதைச் சொல்கிறது

இரண்டு எண்களையும் தனித்தனியாகப் படியுங்கள். 7 பஃபரில் வரும் மில்லிவோல்ட் பெரும்பாலும் எலக்ட்ரோடின் உட்புறத்தை, அதாவது கண்ணாடியின் மின்னழுத்தத்தை ஒப்பிட நிலையான அளவு தரும் ஒப்பீட்டுப் பகுதியைப் பற்றிச் சொல்கிறது. அது பூஜ்யத்திலிருந்து 30-க்குள் இருந்தால் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். ஸ்லோப் பெரும்பாலும் கண்ணாடியைப் பற்றிச் சொல்கிறது. 95-லிருந்து 102 வரை நல்லது, நூறுக்கு மேல் வரும் ஒன்றிரண்டு அளவீட்டுப் பிழைதான். 90-க்கும் 95-க்கும் இடையில் வந்தால் சுத்தம் செய்யும் நேரம். 90-க்குக் கீழே போனால் புதிது ஒன்றை ஆர்டர் போட்டுவிட்டுச் சுத்தம் செய்து பாருங்கள். 85-க்குக் கீழே நான் அதை நம்பி எந்த எண்ணையும் எழுத மாட்டேன். சில கையேடுகள் 80 வரை விடுகின்றன, எனக்கு அது ஒத்துவரவில்லை.

104, 106 என்று நூறைத் தாண்டி வந்தால் எலக்ட்ரோடு ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள். இயற்பியல் அதற்கு இடம் கொடுக்காது. பஃபர் கெட்டிருக்கிறது, இல்லையென்றால் மீட்டருக்குக் கொடுத்த வெப்பநிலை தவறு. எந்தப் பஃபரில் விட்டாலும் கிட்டத்தட்ட அதே மில்லிவோல்ட், எல்லாமே ஏழுக்குப் பக்கத்தில் என்றால் குமிழ் விரிசல் விட்டிருக்கிறது. மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. வயர் மீட்டரில் சேரும் இடத்தில் ஈரம் இறங்கியிருந்தாலும் இப்படியே வரும், அதை உலர்த்திப் பார்த்துவிட்டு எலக்ட்ரோடைத் தூக்கிப் போடுங்கள்.

எண் நிற்க எடுக்கும் நேரமும் முக்கியம். நல்ல எலக்ட்ரோடு பஃபரில் அரை நிமிடத்தில், போனால் ஒரு நிமிடத்தில் நின்றுவிடும். பையனின் எலக்ட்ரோடு மூன்று நிமிடம் வரை ஊர்ந்தது. ஸ்லோப் 90-க்குக் கீழே வருவதற்கு முன்பே இந்த ஊர்தல் ஆரம்பித்துவிடும். நொடியை எழுதச் சொன்னது இதற்குத்தான்.

சேகோ நீர் ஏன் எலக்ட்ரோடைச் சாப்பிடுகிறது

ஆற்று நீர் பார்க்கும் லேபில் ஒன்று இரண்டு வருடம் ஓடும் எலக்ட்ரோடு, சேகோ ஆலையில் சில மாதத்தில் தளர்ந்துவிடுவது உண்டு. மாவும் பாக்டீரியாப் பாசியும் குமிழின் மேல் படலமாகப் படிவது ஒரு காரணம். இது கண்ணாடியைப் பாதிக்கிறது, ஸ்லோப்பைக் குறைக்கிறது, எண்ணை ஊரவைக்கிறது.

இன்னொரு காரணம் உள்ளே நடக்கிறது. ஒப்பீட்டுப் பகுதியில் இருப்பது வெள்ளிக் கம்பியும் வெள்ளிக் குளோரைடும். காற்றில்லாத வாயுக் கலனில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும், அந்த அழுகிய முட்டை வாசனை அதுதான். அது செராமிக் துவாரத்தில் வெள்ளியோடு சேர்ந்து கருப்பாக அடைத்துக்கொள்ளும். மரவள்ளியிலிருந்து வரும் சயனைடும் வெள்ளியை விடாது. ஆகவே 7 பஃபரில் எண் மாதத்துக்கு மாதம் நகர்கிறது. பையனின் எலக்ட்ரோடில் வெள்ளையாக இருக்க வேண்டிய செராமிக் புள்ளி மிளகுபோல் கருத்திருந்தது. ஏழில் 22 வந்ததற்கு அதுவே போதுமான காரணம்.

சுத்தம் செய்வதும் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்த்துத்தான். முதலில் வெதுவெதுப்பான நீரில் சில சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவம் விட்டு, பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவினோம், மாவுப் படலத்துக்கு. அப்புறம் 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பெப்சின் கலந்து ஒரு மணி நேரம், பாசியின் புரதத்துக்கு. கருத்த புள்ளிக்கு அதே 0.1 நார்மல் அமிலத்தில் தயோயூரியா கரைத்து, கருப்பு வெளுக்கும் வரை நுனியை மட்டும் முக்கி வைத்தோம். தயோயூரியாவைக் கையுறை போடாமல் தொடாதீர்கள், நன்றாகக் கழுவாத எலக்ட்ரோடை நேராக அமிலத்தில் விடாதீர்கள், கழிவுநீரில் சயனைடும் சல்பைடும் இருக்கின்றன, அமிலம் பட்டால் அவை நச்சு வாயுவாக வெளியேறும். பிறகு உள்ளே இருந்த பழைய கரைசலைக் கொட்டி, புது 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு நிரப்பி, அதே கரைசலில் ராத்திரி முழுக்க ஊறவிட்டோம்.

மறுநாள், மறுபடி 30 டிகிரியில்: 7 பஃபரில் +12, 4 பஃபரில் +178, 10 பஃபரில் −151. நாலு பக்கம் 92.9 சதவீதம், பத்துப் பக்கம் 90.9. 7-ம் 4-ம் கொடுத்துவிட்டு 10-ல் விட்டால் 9.91 காட்டியது, பிழை 0.06-க்கு இறங்கியது. எண் ஒரு நிமிடத்துக்குள் நின்றது. அழுக்கால் இழந்தது திரும்பி வந்தது, கண்ணாடி வயதாகி இழந்தது வராது. அதனால் அது தொட்டி நீரைத் தோராயமாகப் பார்க்கும் வேலைக்குப் போனது, வாயுக் கலனுக்குப் புதியதைப் போட்டார்கள். அடுத்த முறை வாங்கும்போது இரட்டைச் சந்தி உள்ள எலக்ட்ரோடு கேட்கச் சொல்லியிருக்கிறேன். நடுவில் இன்னொரு அறை இருப்பதால் சல்பைடு வெள்ளியை எட்ட நாளாகும். கொஞ்சம் விலை கூடும், இந்த நீருக்கு அது வீண் செலவு இல்லை.

வைக்கும் முறையைச் சொல்ல மறக்கக் கூடாது. இரவில் எலக்ட்ரோடைக் காய்ச்சி வடித்த நீரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். உள்ளே இருக்கும் உப்பு வெளியேறி, கண்ணாடியின் ஊறிய மேற்பரப்பும் கெடும். 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் வையுங்கள். அது தீர்ந்துவிட்டதென்றால் அன்றைக்கு மட்டும் 4 பஃபர் போதும். காய்ந்துபோன எலக்ட்ரோடு கிடைத்தால் பொட்டாசியம் குளோரைடில் ஒரு ராத்திரி ஊறவைத்துவிட்டு, மறுநாள் காலை மூன்று பஃபரிலும் மில்லிவோல்ட் எடுத்து நோட்டில் ஒரு வரி எழுதிய பிறகே அதைப் பற்றி முடிவு செய்யுங்கள்.